போத்தல் வரிசையை ஓட்டிக் கொடுத்தபின் எழுதும் ஒப்படைப்புக் கடிதம்

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடிநீர் ஆலையில் புதிதாகப் பூட்டிய போத்தல் நிரப்பும் வரிசையை ஓட்டிக் கொடுத்து முடித்துவிட்டேன். அடுத்த கிழமை கொழும்பு திரும்புமுன் பராமரிப்புக் குழுவுக்கு ஓர் ஒப்படைப்புக் கடிதம் எழுதித் தரும்படி முகாமையாளர் கேட்கிறார். இயந்திரக் கையேடு ஏற்கெனவே தலையணை மொத்தத்தில் இருக்கிறது. அதற்கு மேல் கடிதத்தில் என்னதான் எழுதுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கையேடு அந்த வகை இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. உங்கள் கடிதமோ அந்தத் தரையில், அந்தத் தண்ணீரில், அந்த மூடியோடு ஓடும் ஒரே ஓர் இயந்திரத்தைப் பற்றியது. எனவே கையேட்டில் உள்ள எதையும் அதில் திருப்பி எழுத வேண்டாம். எந்த இடங்களில் கையேட்டை விட்டு விலகினீர்களோ அவற்றை எழுதுங்கள். ஏன் விலகினீர்கள் என்பதையும் அதே பந்தியில் எழுதுங்கள். முதலில் இயந்திரங்களை ஓட்டிக் கொடுப்பவனாகவும், பிறகு வன்னியிலேயே பராமரிப்புப் பக்கத்திலும் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பராமரிப்புக் குழுவை வருத்துவது எண் இல்லாத கடிதங்களைவிட, காரணம் இல்லாத எண்கள் நிறைந்த கடிதங்கள்தான்.

இதற்கு ஓர் உதாரணத்தை முழுமையாகச் சொல்கிறேன். கழுவி, நிரப்பி, மூடும் மூன்று வேலைகளையும் ஒரே உடலில் செய்யும் சிறிய இயந்திரம் அது. மூடி இறுக்க ஆறு தலைகள். ஓட்டிக் கொடுக்கப்பட்டுச் சில மாதங்கள் நன்றாக ஓடியபின், கடைகளிலிருந்து போத்தல்கள் ஒழுகுவதாக முறைப்பாடு வந்தது. பெட்டியைச் சரித்துப் பிடித்தால் மூடியின் அடியில் ஈரம் கசிந்தது. குழுவினர் முறுக்குமானியை எடுத்து மூடிகளைத் திறந்து பார்த்தார்கள். முன்பு 1.0 முதல் 1.2 நியூட்டன் மீற்றர் வரை காட்டிய திறப்பு விசை இப்போது 0.5, 0.6 என்று விழுந்திருந்தது. ஆறு தலைகளிலும் ஒரே மாதிரி. உடனே, இறுக்கும் விசைக்கு எல்லை வைக்கும் காந்தக் கிளட்சுகளை ஆறு தலைகளிலும் ஒவ்வொரு படி இறுக்கினார்கள். பெரும்பாலான போத்தல்களில் அளவு ஏறவில்லை. இடையிடையே ஒன்றிரண்டில் மட்டும் 1.6, 1.7 என்று எகிறியது. ஒரு படி மேலும் இறுக்கினார்கள். இப்போது ஒழுகும் போத்தலும், திறக்கவே முடியாத போத்தலும் ஒரே பெட்டியில் போயின. அந்த நிலையில்தான் என்னை அழைத்தார்கள்.

ஒரு தலையின் போத்தல்கள் மட்டும் தளர்ந்திருந்தால் அந்தத் தலையைப் பார்க்க வேண்டும்: அதன் கிளட்ச், மூடியைப் பிடிக்கும் கிண்ணம், அதன் ஸ்பிரிங். ஆறும் ஒன்றாகத் தளர்ந்தால், ஆறு கிளட்சுகள் ஒரே நாளில் பழுதாகியிருக்க வாய்ப்பில்லை. ஆறுக்கும் பொதுவான ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. கிளட்சை இறுக்கியும் அளவு ஏறவில்லை என்பது அதைவிடத் தெளிவான அடையாளம். தலை மூடியைத் திருப்பும்போது போத்தலும் சேர்ந்து சுழன்றால், கிளட்ச் தன் எல்லைக்குப் போகவே போகாது. அதை எவ்வளவு இறுக்கினாலும் மூடிக்கு அந்த விசை போய்ச் சேராது.

போத்தல் சுழலாமல் பிடிப்பது அதன் கழுத்து வளையத்துக்குக் கீழே இயந்திரத்தில் இருக்கும் ஊசிப் பற்கள். தலை கீழிறங்கி மூடியை அழுத்தும்போது, அந்த அழுத்தத்தில் வளையத்தின் அடிப்பக்கம் பற்களில் பதிகிறது. ஒரு போத்தலை எடுத்து வளையத்தின் அடியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சரியாகப் பிடிபட்ட போத்தலில் குண்டூசி முனையால் குத்தியதுபோல் சில புள்ளிகள் மட்டும் இருக்கும். சுழன்ற போத்தலில் புள்ளிகளுக்குப் பதிலாக வளைந்த கீறல் இருக்கும்; நகத்தால் தடவினால் வெள்ளைத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அன்று நான் எடுத்த போத்தல்களில் பெரும்பாலானவை கீறல் போத்தல்கள். பற்கள் மழுங்கினாலும் இப்படி ஆகலாம். ஆனால் அந்தப் பற்கள் கூராகவே இருந்தன. அப்படியென்றால் மேலிருந்து வரும் அழுத்தம் குறைந்திருக்க வேண்டும்.

அந்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது தலைத்தொகுதியின் உயரம். தூணில் ஓர் அளவுகோல் ஒட்டியிருக்கிறது. அதில் காட்டி 145 இல் நின்றது. கையேட்டிலும் 145 என்றுதான் இருக்கிறது. ஓட்டிக் கொடுத்த பொறியியலாளரின் கடிதத்தைத் தேடி எடுத்தபோது அதில் ஒரே வரி: "தலைத்தொகுதி உயரம் 143." அவ்வளவுதான். காரணம் எதுவும் இல்லை. சில கிழமைகளுக்கு முன் பேரிங் மாற்றத் தலைத்தொகுதியைக் கழற்றிய தொழினுட்பவியலாளர், திரும்பப் பூட்டும்போது கையேட்டையும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்று அச்சிட்ட புத்தகம், மற்றது கையால் எழுதிய வரி. எழுத்துப் பிழை என்று நினைத்துக் கையேட்டை நம்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் கவனமுள்ள எவரும் அதையே செய்திருப்பார்கள்.

143 சரியான எண். இயந்திரத்தைச் செய்த தொழிற்சாலையில் சோதனைக்குப் பயன்படுத்திய மூடியைவிட, இங்கே ஆலை வாங்கும் மூடி ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் கட்டை. அந்த இரண்டு மில்லிமீற்றரை ஈடு செய்யத்தான் தலைத்தொகுதியை அதே அளவு கீழிறக்கியிருந்தார்கள். அதைத் திரும்ப உயர்த்தியதும் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்தது, பற்கள் கவ்வவில்லை, போத்தல் சுழன்றது, மூடி இறுகவில்லை. 143 க்கு இறக்கியதோடு வேலை முடியவும் இல்லை. இதற்கிடையில் கிளட்சுகளை இரண்டு படி இறுக்கியிருந்தார்கள் அல்லவா? போத்தல் ஒழுங்காகப் பிடிபட்டதும் அந்த முழு விசையும் மூடியில் விழுந்து, மரைகள் வழுக்கத் தொடங்கின. ஆறு கிளட்சுகளையும் பழைய படிக்குத் தளர்த்தி, தலைக்கு ஐந்து போத்தலாக மீண்டும் அளந்த பிறகுதான் எல்லாம் ஒரு நிலைக்கு வந்தது.

அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்த இடத்தில் என்ன இருந்திருக்க வேண்டும்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "மூடி இறுக்கும் தலைத்தொகுதியின் உயரம் அளவுகோலில் 143. கையேட்டில் 145 என்று இருக்கும். அது தொழிற்சாலைச் சோதனை மூடிக்கு உரியது. நாம் பயன்படுத்தும் மூடி அதைவிட 2 மி.மீ. கட்டை என்பதால் 143 க்கு இறக்கியிருக்கிறோம். இரண்டு மூடிகளின் மாதிரிகளும் இந்தக் கடிதத்துடன் பையில் இருக்கின்றன. மூடி வாங்கும் இடம் மாறினால் முதலில் புதிய மூடியின் உயரத்தை அளந்து இதைத் திருத்தவும். உயரம் கூடிப்போனால் தெரியும் அறிகுறி: ஆறு தலைகளிலும் திறப்பு விசை ஒன்றாக விழும், கழுத்து வளையத்தின் அடியில் வளைந்த கீறல் தெரியும். அப்போது கிளட்சைத் தொட வேண்டாம்." எண், கையேட்டின் எண், வேறுபாட்டின் காரணம், எப்போது மாற்றலாம், பிழைத்தால் எப்படித் தெரியும் என்ற ஐந்தும் அதில் இருக்கின்றன. நீங்கள் மாற்றிய ஒவ்வோர் அமைப்புக்கும் இப்படி ஒரு பந்தி எழுதினால், ஒரு சிறிய வரிசைக்கு நான்கைந்து பக்கங்களில் கடிதம் முடிந்துவிடும்.

திறப்பு விசையைப் பற்றி எழுதும்போது அளந்த முறையையும் கட்டாயம் எழுதுங்கள். மூடியை இறுக்கும் விசையும் திறக்கும் விசையும் ஒன்றல்ல; திறக்கும் விசை குறைவாகவே இருக்கும். பிளாஸ்ரிக் மெல்லத் தளர்ந்து கொடுப்பதால் நேரம் போகப் போக அது இன்னும் இறங்கும். மூடிய பத்தாவது நிமிடம் அளந்த எண்ணையும் மறுநாள் காலை அளந்த எண்ணையும் ஒப்பிட்டால் இல்லாத பழுதைத் தேடி அலைய வேண்டிவரும். முறுக்குமானியில் மூடியைத் திருப்பும்போது முள் இரண்டு முறை ஏறி இறங்குவதையும் கவனித்திருப்பீர்கள். முதல் ஏற்றம் மூடி தன் இருக்கையை விட்டு அசையும்போது வருவது. இரண்டாவது, முத்திரை வளையத்தின் இணைப்புகள் அறும்போது. எதைப் பதிய வேண்டும் என்று சொல்லாவிட்டால், காலை முறையில் இருப்பவர் ஒன்றையும் இரவு முறையில் இருப்பவர் மற்றதையும் எழுதுவார்கள். வெடுக்கென்று திருப்பினாலும் எண் மாறும். ஆகவே கடிதத்தைக் கொடுக்குமுன் குழுவில் ஒருவரை அழைத்து அவருடைய கையாலேயே அளக்கச் செய்து, அவருக்கு வந்த எண்களைக் கடிதத்தில் எழுதுங்கள். பிறகு அளக்கப்போவது அவர்தானே.

எது உறுதி, எது கணிப்பு என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். 28 மி.மீ. மூடிக்கு இறுக்கும் விசை எவ்வளவு என்று கேட்டால், விட்டத்தின் பாதியை அங்குலப் பவுண்டாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் தொழிலில் உண்டு. 14 அங்குலப் பவுண்டு, அதாவது சுமார் 1.6 நியூட்டன் மீற்றர். தொடங்குவதற்கு அது போதும். முடிவு சொல்ல அது போதாது. மூடியைச் செய்தவர் தரும் அளவுத்தாள்தான் முடிவு. நீங்கள் வைத்திருக்கும் எண் அளவுத்தாளிலிருந்து வந்ததா, நீங்கள் அளந்து கண்டதா, தொடங்குவதற்காக எடுத்துக்கொண்ட பொதுக் கணக்கா என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுதிவிடுங்கள். பராமரிப்பவருக்கு எதை அசைக்கலாம், எதை அசைக்கக் கூடாது என்று அந்த ஒரு சொல் சொல்லிவிடும்.

பார்த்த மாத்திரத்தில் வீண்செலவுபோலத் தெரியும் ஏற்பாடுகளுக்கு இன்னும் கூடுதலாகக் காரணம் எழுத வேண்டும். உதாரணமாக, போத்தலைக் கொண்டுசெல்லும் தட்டுச் சங்கிலிக்கு விடும் உயவுத் திரவம். அது சவர்க்கார வகையைச் சேர்ந்ததென்றால் கடின நீரில் கலந்தவுடன் திரைந்து அழுக்காகப் படியும். தெளிப்பு முனைகள் அடைபடும், சங்கிலி உலரும், போத்தல் விழும். வன்னியின் குழாய்க்கிணற்று நீர் பல இடங்களில் எவ்வளவு கடினமானது என்பதைக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளையே சொல்லும். எனவே அந்தத் திரவத்தை உப்பு நீக்கிய ஆர்.ஓ. நீரில் கலக்கும்படி குழாயை இணைத்திருப்பீர்கள். சில மாதங்கள் கழித்து வரும் யாராவது, சங்கிலி கழுவவா இவ்வளவு நல்ல தண்ணீர் என்று மனம் பொறுக்காமல் குழாயைக் கிணற்று நீருக்கு மாற்றிவிடுவார். தண்ணீருக்கு வரிசையில் நின்று பழகிய ஊரில் அந்த எண்ணம் மிக இயல்பானது. அதைத் தடுக்கக் கடிதத்தில் இரண்டு வரி போதும்.

நீங்கள் பார்க்காததை எழுதுவதும் பார்த்ததை எழுதுவதற்குச் சமமான கடமை. எந்த மாதத்தில் ஓட்டிக் கொடுத்தீர்கள் என்று கடிதத்தின் தலையிலேயே எழுதுங்கள். ஆவணியில் காய்ந்த காற்றில் ஓட்டிக் கொடுத்தவர் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த இயந்திரம் எப்படி நடக்கும் என்று பார்த்திருக்க மாட்டார். மழைக்காலத்தில் கம்பிரசர் உள்ளிழுக்கும் காற்றில் ஈரம் கூடும். காற்று உலர்த்தியின் வடிகால் அடைபட்டிருந்தால் அந்த நீர் நேரே வால்வுகளுக்குள் போகும். கோடையில் ஒரு நாளைக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று நீங்கள் நினைத்த வடிகாலை அப்போது ஒவ்வொரு வேலை முறையிலும் பார்க்க வேண்டிவரலாம். கிணற்று நீரின் உப்பும் மழைக்கு முன்பும் பின்பும் ஒன்றாக இருக்காது, ஆர்.ஓ. அமுக்கங்களை நீங்கள் பதிந்த மாதத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். "இந்த அளவுகள் வரண்ட காலத்தில் எடுத்தவை, மழைக்காலத்தில் சோதிக்கப்படவில்லை" என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். முதல் மழைக்குப் பிறகு குழுவினர் தாங்கள் கண்ட எண்களைப் பக்கத்தில் எழுத, வெறுமையாக ஒரு நிரலும் விடுங்கள்.

மின்சாரமும் அப்படியே. ஜெனரேற்றரில் ஓட்டிப் பார்த்தீர்களா இல்லையா என்று தெளிவாக எழுதுங்கள். மூன்று கட்டங்களின் வரிசை ஜெனரேற்றர் பக்கத்தில் மாறியிருந்தால் நேரடி இணைப்பில் உள்ள பம்பிகள் எதிர்த்திசையில் சுழலும். வேகக் கட்டுப்படுத்தி வழியாக ஓடும் மோட்டர்கள் வழக்கம்போல் ஓடும். பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் இருப்பதால் காரணம் எளிதில் பிடிபடாது. பார்த்திருந்தால், எந்தப் பம்பியின் சுழற்சியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்தீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஓட்டத்தின் நடுவில் மின்சாரம் நின்றால் கழுவும் இடத்துக்கும் மூடும் இடத்துக்கும் இடையில் நின்ற போத்தல்கள் அனைத்தையும் அப்புறப்படுத்த வேண்டும் என்பதையும் இங்கேயே சேர்த்துவிடலாம். திறந்த வாயோடு நின்ற போத்தலை மூடி விற்கக் கூடாது.

இனிச் சொல்வது பலர் கடிதத்தில் எழுதத் தயங்குவது. ஓட்டிப் பார்க்கும் நாட்களில் கதவுச் சென்சருக்குக் குறுக்கே ஒரு கம்பி போட்டிருப்போம். வராத ஒரு சமிக்ஞையை, இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யில் வலிந்து "வந்தது" என்று வைத்திருப்போம். வேலை நடக்க அது தேவைப்பட்டிருக்கும். கிளம்புமுன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கடிதத்தில் "தற்காலிக இணைப்புகள், வலிந்து வைத்த சமிக்ஞைகள் எதுவும் இல்லை; ஒவ்வொரு காவல் கதவையும் இயந்திரம் மெதுவாக ஓடும்போது திறந்து, அது நிற்கிறதா என்று இன்னார் முன்னிலையில் பார்த்தோம்" என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். ஏதாவது ஒன்றை எடுக்க முடியவில்லை என்றால் அது எந்தப் பெட்டியில், எந்த இலக்க முனையில் இருக்கிறது என்றும், அது இருக்கும்வரை யார் எங்கே கை வைக்கக் கூடாது என்றும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். கதவைத் திறந்தால் இயந்திரம் நிற்கும் என்று நம்பித்தான் ஒருவர் விழுந்த போத்தலை எடுக்கக் கையை உள்ளே விடுகிறார். இதில் மட்டும் எந்தச் சமரசமும் செய்யாதீர்கள், முகாமையாளர் அவசரப்படுத்தினாலும்.

உதிரிப்பாகங்களுக்கு இயந்திரம் விற்ற நிறுவனம் தரும் பட்டியலில் அவர்களுடைய சொந்த இலக்கங்கள்தான் இருக்கும். அந்த இலக்கத்தை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு கடையில் சொன்னால் யாருக்கும் விளங்காது. பேரிங்கின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண் 6204 என்றால் அதை எழுதுங்கள். 20 மி.மீ. உள்விட்டம், 47 வெளிவிட்டம், 14 அகலம் என்று எந்தக் கடைக்காரரும் எடுத்துத் தருவார். ரப்பர் வளையங்களுக்கு உள்விட்டமும் தடிப்பும், பெல்ற்றுகளுக்கு அதன் முதுகில் அச்சிட்ட எழுத்தும் எண்ணும். குடிநீரைத் தொடும் ரப்பர் வளையங்களை மட்டும் தனியே குறித்து, அவற்றைக் கடையில் கிடைத்ததைக் கொண்டு மாற்ற வேண்டாம், உணவுக்கு உகந்த தரத்தில்தான் வாங்க வேண்டும் என்று எழுதுங்கள். கொழும்பில் கிடைக்கும் பாகமென்றால் இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் விடியும்போது கிளிநொச்சியில் எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து மட்டுமே வரக்கூடியது எது என்று நீங்கள் பிரித்துக் காட்டினால்தான், எதை முன்கூட்டியே வாங்கிக் களஞ்சியத்தில் வைப்பது என்று அவர்களால் முடிவு செய்ய முடியும்.

கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். குழுவில் சிங்களம் வசதியானவர்கள் இருந்தால் அதிலும் ஒரு படி வேண்டும். தொடுதிரையில் தோன்றும் பொத்தான்களின் பெயரை மட்டும் திரையில் உள்ளபடியே எழுதுங்கள். மொழிபெயர்த்தால் இரவு நேரத்தில் தேடுபவருக்குக் கிடைக்காது. இறுதி பி.எல்.சி. நிரலையும், வேகக் கட்டுப்படுத்திகளின் அமைப்பு எண்களையும் ஒரு நினைவுக் குச்சியில் போட்டு, கடவுச்சொல்லை உறையில் இட்டு முகாமையாளரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். கடிதத்தின் ஒரு படி கோப்பில் இருக்கட்டும். இன்னொரு படியை நீர் புகாத உறையில் இட்டு மின்பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் மாட்டுங்கள். நான் சொன்ன 143 போன்ற எண்ணையும் அதன் காரணத்தையும் தூணின் அளவுகோலுக்குப் பக்கத்திலேயே ஒரு தகட்டில் பொறித்து ஒட்டிவிடுங்கள். தலைத்தொகுதியைக் கழற்றுபவர் கடிதத்தைத் தேடிப் போக மாட்டார், அளவுகோலைத்தான் பார்ப்பார்.